தொட்டியை அடிக்கோலால் அளந்தோம்

அம்பாசமுத்திரத்தில் கால்நடை மருத்துவராக இருந்த வருடங்களில், மாட்டுக்கு என்ன தண்ணீர் காட்டுகிறீர்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. தாமிரபரணி வாய்க்கால் ஓடுகிற ஊரில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். ராதாபுரம் பக்கம் மாற்றலாகி வந்த பிறகுதான் கேட்கப் பழகினேன். அதுவும் ஒரு தப்பு பண்ணிய பிறகு.

ஒரு பெரியவரிடம் இரண்டு கலப்பினப் பசுக்கள். ஒன்று கறவை, ஒன்று வற்றியது. ஆனி மாதக் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்த சமயம். தினம் 10 லிட்டர் கறந்த மாடு 7 லிட்டருக்கு இறங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை, மடியில் வீக்கம் இல்லை. சாணம் மட்டும் இறுகிக் கட்டியாக விழுந்தது. நான் குடற்புழு மருந்து கொடுத்து, புண்ணாக்கை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்தும் அதே 7.

மறுபடி போனபோது கறந்து முடித்து மாட்டைத் தொட்டிக்கு அவிழ்த்து விட்டார். கறந்த கையோடு மாடு 15, 20 லிட்டர் தண்ணீரை மளமளவென்று இழுக்கும். இது மூக்கை நனைத்தது, நாக்கால் நக்கிப் பார்த்தது, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் இரண்டு மிடறு, அவ்வளவுதான்.

"தண்ணி எப்படி அண்ணாச்சி?"

"போர்த் தண்ணி கொஞ்சம் உப்புதான் சார். பத்து வருசமா இதத்தான் குடிக்கு. ஒண்ணும் ஆவல."

தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற, பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் பையில் இருந்தது. போர்க் குழாயில் பிடித்த தண்ணீர் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் காட்டியது. கறவை மாட்டுக்கு அது ஏறக்குறைய எல்லைக்கோடு. தொட்டியில் முக்கினேன்: 4,050. மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று திரும்பக் குழாயில் வைத்தேன். அதே 3,000.

அந்தத் தொட்டி உழவு மாடுகள் நிறைய நின்ற காலத்தில் கட்டியது. 10 அடி நீளம், 4 அடி அகலம், வெட்டவெளியில். அடியில் வடிகால் துளை கிடையாது. தண்ணீர் குறையக் குறைய மோட்டாரைப் போட்டு நிரப்புவார். முழுதாகக் காலி பண்ணி மாதக்கணக்காகிறது. ஒரு நாள் மாடுகளை வேறிடத்தில் கட்டிவிட்டு அடிக்கோலால் அளந்தோம். யாரும் குடிக்காமலே காற்றிலும் வெயிலிலும் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அந்தப் பரப்புக்கு அது 37 லிட்டர். மாடுகள் குடித்த நாளில் மொத்தம் 142 லிட்டர் குறைந்தது. அப்படியென்றால் மாடுகள் குடித்தது 105தான். 142 லிட்டர் தண்ணீரோடு வருகிற உப்பு, ஆவியாகிற 37 லிட்டரோடு போவதில்லை. குடிக்கிற 105 லிட்டரோடு மட்டுமே வெளியேற முடியும். 3,000 ஐ 142 ஆல் பெருக்கி 105 ஆல் வகுத்தால் 4,050க்குப் பக்கத்தில் வரும். மாடு வெறுத்துக் குறைவாகக் குடிக்கக் குடிக்க இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

வற்றிய மாட்டுக்கு 40 லிட்டர் போதும். 10 லிட்டர் கறக்கிற மாடு வெயில் காலத்தில் 80 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். ஆக, குறை விழுந்தது கறவை மாட்டுக்குத்தான்.

புதிதாக ஒரு சின்னத் தொட்டி கட்டினோம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழம். சுமார் 125 லிட்டர் பிடிக்கும். விளிம்பு தரையிலிருந்து 2 அடி, மேலே ஓலைக் கொட்டகை. தளத்தை ஒரு பக்கமாகச் சரித்து, தாழ்ந்த மூலையில் இரண்டு அங்குலக் குழாயும் மூடியும் வைத்தோம். காலையில் மூடியைத் திறந்து தேய்த்துக் கழுவினால் போதும். உள்ளே சுண்ணாம்பு அடித்தால் பாசி சீக்கிரம் பிடிக்காது. உப்பைச் சுண்ணாம்பு எடுக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, கூடத்தான் செய்யும். தவிட்டில் போடுகிற கல்லுப்பையும் நிறுத்தச் சொன்னேன்.

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் மீட்டரில் 300 காட்டியது. பாதிக்குப் பாதி கலந்தால் 1,650க்கு வந்துவிடும். கறவைக்கு மட்டும் என்றாலும் தினம் மூன்று குடமாவது வேண்டும். "வீட்டுக்கே நாள்விட்டு நாள்தான் வருது" என்றார் அவர் மனைவி. நியாயம்தான். கறந்ததும் காட்டுகிற தண்ணீரில் மட்டும் கலப்பது என்று முடிவானது.

நாலாம் நாள் சாணம் இளகியது. பால் மூன்று வாரத்தில் 9 லிட்டருக்கு வந்தது. ஈன்று மாதங்கள் ஆகிவிட்டதால் 10ஐ நான் எதிர்பார்க்கவும் இல்லை. மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும், நைட்ரேட்டா சல்பேட்டா என்று பிரித்துச் சொல்லாது. அதனால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.

பக்கத்து வீட்டில், ஆர்ஓ இயந்திரம் உப்பைச் சேர்த்து வெளியே தள்ளுகிற கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் கோழிக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். எச்சம் நீராகப் போகிறது என்று அவர்களும் கூப்பிட்டார்கள். நூறு கோழிக்கு 25, 30 லிட்டர்தான் தேவை. நல்ல தண்ணீரே வைக்கலாம். கோழி, மாட்டைவிட உப்புக்குச் சீக்கிரம் தோற்கும். ஆடு பரவாயில்லை, ஓரளவு உப்பைத் தாங்கும். பெரியவரின் ஆறு ஆடுகளும் நேரடிப் போர்த் தண்ணீரையே குடிக்கின்றன, ஒன்றரை அடிக்கும் கீழே விளிம்பு வைத்த தனித் தொட்டியில்.