கடைத் திறப்புக்கு ஆள் கூப்பிட்ட அனுபவம்

இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே நோட்டு, பேனா, பரிசுப் பொருள் விற்றுக்கொண்டிருந்தேன். கடையாகத் திறப்பது என்று முடிவானதும் ரேக் அடிக்கும் வேலைகூடச் சுலபமாக முடிந்தது. அழைப்புச் செய்தி எழுதத்தான் திணறினேன்.

முதலில் எழுதியது இப்படி: "எங்கள் புதிய கடைத் திறப்பு விழாவிற்குத் தாங்கள் குடும்பத்துடன் வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம். ஞாயிறு காலை 10 மணி. அனைத்துப் பொருட்களுக்கும் 20% தள்ளுபடி. வருகையை உறுதிப்படுத்தவும்."

தங்கை படித்துவிட்டு, "பத்து மணிக்கு எல்லாரும் வந்தா எங்க நிப்பாங்க?" என்றாள். கடை பத்துக்குப் பன்னிரண்டடி. ரேக்கும் மேசையும் போக, ஒரு நேரத்தில் எட்டுப் பேர் நிற்கலாம், அவ்வளவுதான். ஒற்றை நேரம் போட்டால் அதை முகூர்த்தம் மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்கு முடிந்தவர்கள் மொத்தமாக வருவார்கள், முடியாதவர்கள் வரவே மாட்டார்கள். அதனால் அக்கம்பக்கத்தாருக்கு 9 முதல் 10:30 வரை, வாடிக்கையாளர்களுக்கு 11 முதல் 1 வரை அல்லது மாலை 5 முதல் 8 வரை என்று பிரித்தேன். முடியும் நேரத்தையும் சேர்த்துப் போட்டதுதான் முக்கியம்.

அடுத்து சலுகை. "அனைத்துப் பொருட்களுக்கும்" என்று எழுதியபோது கால்குலேட்டரையும் பிராண்ட் பேனாக்களையும் மறந்திருந்தேன். அவற்றில் எனக்குக் கிடைக்கும் லாபமே 20 சதவீதம் வராது. நோட்டு, பரிசுப் பொருள் இரண்டுக்கும் மட்டும் என்று மாற்றினேன்.

கடைசி வரிதான் என்னை ரொம்ப உறுத்தியது. "உறுதிப்படுத்தவும்" என்றால் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது. அதோடு, வர முடியாதவருக்குப் பதில் போட எந்தக் காரணமும் இல்லை. "வரல" என்று சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். எனக்கோ எண்ணிக்கை தெரிந்தால்தான் சின்னப் பரிசுப் பை எத்தனை கட்டுவது என்று கணக்குப் போட முடியும். யோசித்து யோசித்து இப்படி முடித்தேன்: "காலையா மாலையா, எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரி சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும். அன்று வர வசதிப்படவில்லை என்றாலும் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டும் புதன்கிழமைவரை இதே சலுகை உண்டு. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகவும் வரலாம்."

திறப்புக்கு முந்தைய புதன்கிழமை காலை வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு 64 பேருக்கு அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால் 19 பேருக்கு ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த 19 பேருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்பினேன். பதில் சீக்கிரம் வந்ததும் அவர்களிடமிருந்துதான். மொத்தத்தில் 36 பேர் வருவதாகச் சொன்னார்கள், 11 பேர் புதன்வரை சலுகையை எடுத்துவைக்கச் சொன்னார்கள். "பார்க்கலாம்" என்றவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அக்கம்பக்கத்தாருக்குச் செய்தி அனுப்பவில்லை. வியாழன் சாயங்காலம் நேரில் போனேன். அவர்களிடம் தள்ளுபடியை முதலில் எடுத்தால் சரக்கு விற்க வந்த மாதிரி ஆகிவிடும். "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வண்டி நிற்கும், சிரமம் இருந்தா எனக்கு உடனே போன் பண்ணுங்க" என்றுதான் ஆரம்பித்தேன். மாடி வீட்டு அக்கா, "மைக் போடுவீங்களா? திங்கட்கிழமை பொண்ணுக்குப் பரீட்சை" என்றார். ஸ்பீக்கருக்குச் சொல்லி வைத்திருந்ததை அன்றைக்கே ரத்து செய்தேன். நேரில் போகாமல் இருந்திருந்தால் திறந்த முதல் நாளே அந்த அக்காவிடம் கெட்ட பெயர் வாங்கியிருப்பேன்.

சனி இரவு, வருவதாகச் சொன்னவர்களுக்கு மட்டும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று கடை லொக்கேஷனோடு ஒரு நினைவூட்டல் போட்டேன். மற்றவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. 36 பேரில் 27 பேர் வந்தார்கள். பதிலே போடாதவர்களில் 6 பேர் திடீரென்று வந்து நின்றார்கள். 40 பை கட்டியிருந்தேன், போதுமானதாக இருந்தது. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தது மாலை ஆறு மணிக்கு மட்டும்தான். அப்போது வாசலில் நாற்காலி போட்டுச் சமாளித்தோம்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியதில் தேதியைப் போட விட்டுவிட்டேன். வெறும் "ஞாயிறு". அடுத்த ஞாயிறு காலை பதினொன்றுக்கு முன்பின் தெரியாத ஒரு பெரியவர், பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். யாரோ திங்கட்கிழமை அவருக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கிறார்கள். போனை நீட்டி, "ஞாயிறுன்னுதானேம்மா போட்டிருக்கீங்க?" என்றார். பேத்திக்கு நாலு நோட்டும் 20% தள்ளுபடியில்தான் போட்டுக் கொடுத்தேன்.