நூலைக் காணோம், காப்பர் டி எங்கே போச்சு?

இரண்டாவது பையன் ஈரோட்டில் சுகப்பிரசவத்தில் பிறந்தான், மறுநாளே கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்துவிட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள் போனபோது அதன் நூல் நீளமாக வெளியே வந்திருக்கிறது என்று அளவாக வெட்டிவிட்டு, மாதாமாதம் தீட்டு நின்றதும் தொட்டுப் பாரும்மா என்றார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குந்தி உட்கார்ந்து நடுவிரலை விட்டால் மூக்கு நுனி மாதிரி கெட்டியாகக் கர்ப்பப்பை வாய் தட்டும், அதிலிருந்து நைலான் இழை போல இரண்டு நூல் நெருடும். அதைப் பிடித்து இழுக்கக் கூடாது, இழை திடீரென நீண்டிருந்தாலோ கெட்டியான பிளாஸ்டிக் முனை குத்தினாலோ அது பாதி இறங்கிவிட்டது என்று கணக்கு.

ஐந்தாம் மாதம் தீட்டு கட்டிகட்டியாகப் போய் நல்ல வலி. நின்றபின் பார்த்தால் வாய் தட்டுகிறது, நூல் இல்லை. மாமியார், "அது விழுந்திருக்கும் கண்ணு, உட்டுட்டு வேலையப் பாரு" என்றார். எனக்கும் கழிவறையில்தான் போயிருக்கும் என்று தோன்றியது. ஆனால் நான் கண்ணால் பார்க்கவில்லையே. அன்றிலிருந்து ஆணுறை, மறுநாள் டாக்டர்.

மேடம் முதலில் சிறுநீரில் கர்ப்பம் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. நூல் மறைவதற்கு அதுவும் ஒரு காரணமாம். அப்புறம் கருவி வைத்து வாயைப் பார்த்து, சின்ன பிரஷ்ஷை உள்ளே சுழற்றினார், நூல் சுருண்டு மேலே ஏறியிருந்தால் சில சமயம் இப்படியே இறங்கிவிடும். வரவில்லை. ஸ்கேனுக்கு அனுப்பினார், நான் அறிவாளியாக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, அது உள்வழி ஸ்கேன், சிறுநீர் போய்விட்டு வாங்க என்றார்கள்! ரிப்போர்ட்டில் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி இல்லை.

சரி, விழுந்துவிட்டது என்று கிளம்பினேன். மேடம் விடவில்லை. "கர்ப்பப்பையில இல்லைன்னுதான் ஸ்கேன் சொல்லுது, வயித்துல இல்லைன்னு சொல்லலை." அபூர்வமாக அது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும், வலியே இல்லாமலும் போகலாம், குடலுக்கு மேல் கிடப்பது ஸ்கேனில் சிக்காது. எக்ஸ்ரேயில் அந்த டி வெள்ளையாகத் தெரியும், ஏனென்றால் பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருக்கிறார்கள். உதரவிதானத்திலிருந்து இடுப்பு அடிவரை முழுசாக எடுக்க வேண்டும், அடிவயிறு மட்டும் எடுத்தால் மேலே ஏறியது விட்டுப்போகும். கர்ப்பம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எடுப்பார்கள். பால் கொடுப்பதற்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பதையும் கேட்டுக்கொண்டேன்.

படத்தில் முதுகெலும்பும் இடுப்பெலும்பும்தான் இருந்தன, டி இல்லை. அப்போதுதான் விழுந்தது என்று எழுதினார். பிரசவமான கையோடு வைப்பது பிற்பாடு வைப்பதைவிட அதிகமாக விழுமாம். தாங்கமுடியாத அடிவயிற்று வலி, காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், தீட்டு தள்ளிப்போவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார். அடுத்த தீட்டில் புதுசு வைத்துக்கொண்டேன், நூல் நெருடுகிறது.