சம்பளம் இல்லாத வாரத்தில் வரும் ஆஸ்பத்திரி பில்

அமெரிக்காவில் முதல் குழந்தைக்குக் கணக்குப் போடும் தம்பதிகள் பெரும்பாலும் மொத்தத் தொகையைத்தான் கூட்டுகிறார்கள். பிரசவத்துக்கு இவ்வளவு, டயப்பருக்கு இவ்வளவு என்று வருடச் செலவு ஒன்று கிடைக்கும். அது சேமிப்புக்குள் அடங்கிவிட்டால் நிம்மதி. ஆனால் சிக்கல் தொகையில் இல்லை, தேதியில் இருக்கிறது. பிரசவ பில்கள் குழந்தை பிறந்த அன்று வருவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி பரிசீலித்து முடித்து, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அதே மாதங்களில்தான் தாயின் சம்பளம் பாதியாகி, பிறகு நின்றும் போகிறது. எனவே முதலில் போட வேண்டியது வாரக் கணக்கு.

விடுப்பிலிருந்து தொடங்குவோம். குடும்ப, மருத்துவ விடுப்புக்கான 1993-ஆம் ஆண்டின் எஃப்எம்எல்ஏ சட்டம் 12 வார விடுப்பு தருகிறது. வேலை பத்திரமாக இருக்கும், சம்பளம் கிடையாது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. அதே நிறுவனத்தில் 12 மாதம் முடித்திருக்க வேண்டும், கடந்த ஒரு வருடத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், வேலை செய்யும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் அந்த நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள் இருக்க வேண்டும். புதிதாக வந்து இறங்கியவர்களும், கம்பெனி மாறி சில மாதமே ஆனவர்களும் இந்த முதல் நிபந்தனையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கருவுற்ற சமயத்தில் வேலை மாறுவதாக இருந்தால், பிரசவத் தேதியில் 12 மாதம் முடிந்திருக்குமா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

சம்பளத்துக்கு ஈடாக ஏதாவது கிடைக்குமா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் சட்டப்படியே சம்பளத்தில் ஒரு பங்கு தரும் குடும்ப விடுப்புத் திட்டம் உண்டு. டெக்சாஸில் தனியார் ஊழியர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அங்கே கைகொடுப்பது கம்பெனி தரும் விடுப்பும், வேலை செய்ய முடியாத வாரங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தரும் ஷார்ட் டேர்ம் டிசபிலிட்டி என்ற காப்பீடும்தான். இந்தக் காப்பீட்டில் வழக்கமான ஏற்பாடு, சுகப் பிரசவம் என்றால் 6 வாரம், சிசேரியன் என்றால் 8 வாரம். முதல் வாரம் காத்திருப்புக் காலமாகக் கழிந்துவிடுவது பல பாலிசிகளில் உண்டு. கருவுற்ற பிறகு சேர்ந்தால் அந்தப் பிரசவத்துக்குப் பணம் தராத பாலிசிகளும் இருக்கின்றன. ஆகவே, குழந்தை பற்றி யோசிக்கும்போதே, இன்ஷூரன்ஸ் திட்டங்களைத் தேர்ந்தெடுக்க வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் ஓபன் என்ரோல்மென்டில் இதில் சேர்ந்துவிட வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு பயம் உண்டு: சம்பளம் வராத மாதங்கள் விசா நிலையைக் கெடுக்குமா? ஊழியர் தானே கேட்டு எடுக்கும் பிரசவ விடுப்புக்கு நிறுவனம் சம்பளம் தர வேண்டியதில்லை என்று தொழிலாளர் துறை விதியே சொல்கிறது; வேலை உறவு தொடர்கிறது என்பதுதான் முக்கியம். ஆனால் பின்னால் நீட்டிப்புக்கோ வேலை மாற்றத்துக்கோ விண்ணப்பிக்கும்போது, பே ஸ்டப் என்ற சம்பளச் சீட்டில் இருக்கும் இடைவெளிக்கு விளக்கம் கேட்பார்கள். விடுப்பு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, காரணம் மூன்றும் உள்ள கடிதத்தை எச்.ஆரிடம் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம். டெக்சாஸில் வேலை செய்யும் தாய்க்கு வாரச் சம்பளம் 1,600 டாலர், பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,200. சேர்த்து வைத்த விடுப்பு இரண்டு வாரம். டிசபிலிட்டி காப்பீடு 60 சதவீதம் தருகிறது. பிரீமியத்தை வரி கட்டிய பணத்திலிருந்து இவரே கட்டியதால் அந்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. (நிறுவனம் பிரீமியம் கட்டியிருந்தால் வரி உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை.)

முதல் வாரம் காத்திருப்புக் காலம், அதைச் சொந்த விடுப்பில் ஒரு வாரத்தை வைத்து அடைக்கலாம். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை காப்பீட்டுப் பணம், வாரம் 960. ஏழாவது வாரத்துக்கு மீதியிருக்கும் சொந்த விடுப்பு. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்றுமில்லை. பன்னிரண்டு வாரத்தில் வர வேண்டியது 14,400. வருவது 4,800-ம் 2,400-ம் சேர்த்து 7,200. பற்றாக்குறை 7,200.

இதோடு பலர் மறக்கும் ஒன்று: ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தில் ஊழியரின் பங்கு. விடுப்பில் இருந்தாலும் அதைக் கட்டியாக வேண்டும். பிடிக்கச் சம்பளம் இல்லாததால் சில நிறுவனங்கள் மாதாமாதம் காசோலை கேட்கும். சில நிறுவனங்கள் பாக்கியாக வைத்து, திரும்பி வந்த முதல் சம்பளங்களில் மொத்தமாகப் பிடிக்கும். குழந்தையைச் சேர்த்த பிறகு பிரீமியமும் ஏறியிருக்கலாம். வாரம் 100 என்று வைத்தால், சம்பளம் இல்லாத பத்து வாரத்துக்கு 1,000. ஆக 8,200.

அடுத்து ஆஸ்பத்திரி. பலர் பார்க்கத் தவறும் விஷயம், பிரசவம் ஒரு நோயாளியின் செலவு அல்ல, இரண்டு நோயாளிகளின் செலவு. பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தைக்குத் தனிக் கணக்கு, தனி பில், பெரும்பாலான திட்டங்களில் தனி டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் தரத் தொடங்குமுன் நாமே கட்ட வேண்டிய தொகை. நம் உதாரணத் திட்டத்தில் ஒருவருக்கு டிடக்டிபிள் 1,500, அதற்கு மேல் 20 சதவீதம் நம் பங்கு, ஒருவருக்கான வருட உச்சவரம்பு 4,000. இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட விலையில் தாயின் செலவு 15,000, குழந்தையின் செலவு 3,000 என்று கொள்வோம். தாய்க்கு 1,500-ம், மீதி 13,500-இல் 20 சதவீதமான 2,700-ம் சேர்ந்து 4,200. உச்சவரம்பு 4,000-இல் நின்றுவிடும். குழந்தைக்கு 1,500-ம் 300-ம் சேர்ந்து 1,800. மொத்தம் 5,800. விடுப்புப் பற்றாக்குறையோடு சேர்த்தால் 14,000 டாலர். அதில் பெரும்பகுதி விழுவது எட்டாவது வாரத்திலிருந்து. பிரசவத்துக்கு முன் கையில் ரொக்கமாக இருக்க வேண்டிய தொகை இதுதான்.

இந்தக் கணக்கைக் குலைப்பவை இரண்டு. ஒன்று, ஜனவரி 1. பெரும்பாலான திட்டங்களில் டிடக்டிபிள் அன்று பூஜ்யத்துக்குத் திரும்பும். டிசம்பர் வரை ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கட்டியதெல்லாம் பழைய வருடத்தோடு போய்விடும். மகப்பேறு மருத்துவர்கள் பலர் கர்ப்ப காலக் கவனிப்பு, பிரசவம், பிந்தைய கவனிப்பு மூன்றையும் ஒரே பில்லாகப் பிரசவத்துக்குப் பிறகுதான் அனுப்புவார்கள் என்பதால், ஜனவரியில் பிரசவம் என்றால் அதுவும் புது வருடக் கணக்கில் விழும். அப்படித் தேதி இருந்தால், முந்தைய ஓபன் என்ரோல்மென்டில் பிரீமியம் சற்று அதிகமானாலும் டிடக்டிபிள் குறைந்த திட்டத்துக்கு மாறுவது லாபமா என்று போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, குழந்தையைச் சேர்க்கும் கெடு. கம்பெனி இன்ஷூரன்ஸில் பிறந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. பல இடங்களில் அந்த 30-தான். அதற்குள் சேர்த்தால் பாதுகாப்பு பிறந்த தேதியிலிருந்தே செல்லும். தவறவிட்டால் அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் வரை கதவு மூடியிருக்கலாம், குழந்தையின் ஆஸ்பத்திரி பில் முழுதாக உங்கள் தலையில் விழலாம். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. எண் இல்லாமலே சேர்த்துவிட்டு, அட்டை வந்ததும் எச்.ஆரிடம் கொடுத்தால் போதும். கணவன், மனைவி இருவரின் இன்ஷூரன்ஸிலும் சேர்த்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். வருடத்தில் யாருடைய பிறந்த நாள் முதலில் வருகிறதோ அவருடைய திட்டம்தான் முதலில் பணம் தரும். அதன் டிடக்டிபிள் பெரிதாக இருந்தால் தலைவலிதான்.

பில் வந்தவுடன் கட்டாதீர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஈஓபி என்ற விளக்கத் தாளில் நோயாளியின் பங்கு என்று ஒரு தொகை இருக்கும். ஆஸ்பத்திரி பில்லும் அதுவும் ஒத்துப்போன பிறகே பணம். ஒத்துப்போகாவிட்டால் வரிவாரியான பில் கேளுங்கள். மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்குக்கு, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலுக்கு, வெளியே என்று தனிப் பெரிய பில் வந்தால், ஆஸ்பத்திரி நெட்வொர்க்குக்குள் இருக்கும்பட்சத்தில் 2022 ஜனவரியிலிருந்து அமலில் உள்ள நோ சர்ப்ரைசஸ் சட்டம் அதைத் தடுக்கிறது. தொகை சரியாகவே இருந்து கையில் பணம் இல்லையென்றால் தவணை கேளுங்கள். லாப நோக்கமற்ற ஆஸ்பத்திரிகளில் பண உதவித் திட்டம் சட்டப்படி இருந்தாக வேண்டும்; முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். வரம்பு நினைப்பதை விடத் தாராளமாக இருக்கும் இடங்களும் உண்டு.

தடுப்பூசிக்குப் பெரிய தொகை ஒதுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான திட்டங்களில் நெட்வொர்க் டாக்டரிடம் முதல் வாரம், பிறகு 1, 2, 4, 6, 9, 12 மாதங்களில் நடக்கும் வழக்கமான பரிசோதனைகளும் அப்போது போடும் ஊசிகளும் இலவசம். ஆனாலும் கோபே என்ற வருகைக் கட்டணத்துக்கு பில் வருவதுண்டு. காரணம், அதே வருகையில் தோல் அரிப்பு, தொடர் இருமல் என்று வேறொரு பிரச்சினையைத் தனியாகப் பார்க்கச் சொன்னால், டாக்டர் அதை நோய்க்கான ஆலோசனையாகத் தனியே பில் போடலாம். இன்ஷூரன்ஸ் இல்லாத குழந்தைக்கு வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன் என்ற அரசுத் திட்டத்தில் ஊசி மருந்து இலவசம். முதல் பிறந்த நாளுக்கு முன் ஊருக்குப் போவதாக இருந்தால், 6 மாதம் முடிந்த குழந்தைக்குப் பயணத்துக்காகத் தட்டம்மை ஊசி ஒன்று முன்கூட்டியே போடுவார்கள். அது வழக்கமான இரண்டு டோஸில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு அவை மறுபடி உண்டு.

பொருட்களில் கணக்குத் தப்புவது இரண்டு இடத்தில். நியூபார்ன் சைஸ் டயப்பர் சுமார் 10 பவுண்டு வரைதான்; பல குழந்தைகள் சில வாரத்திலேயே தாண்டிவிடும். நாளுக்கு 10 என்று வைத்தாலும் இரண்டு பெட்டிக்கு மேல் பிரிக்காதீர்கள். இன்னொன்று ஃபார்முலா. எடையில் ஒரு பவுண்டுக்கு நாளுக்கு இரண்டரை அவுன்ஸ் என்பது பொதுக் கணக்கு, உச்சம் 32 அவுன்ஸ். 12 பவுண்டு குழந்தைக்கு 30 அவுன்ஸ். 12.4 அவுன்ஸ் பவுடர் டின் கலந்தால் சுமார் 90 அவுன்ஸ் வரும், அதாவது மூன்று நாள். தாய்ப்பால் போதாமல் முழுக்க ஃபார்முலா என்றால் மாதம் பத்து டின். விலையைப் பெருக்கிப் பார்த்து பட்ஜெட்டில் இப்போதே ஒரு வரி போட்டு வையுங்கள். பிரெஸ்ட் பம்ப்பைக் கடையில் வாங்காதீர்கள், பெரும்பாலான இன்ஷூரன்ஸ் திட்டங்கள் தருகின்றன. பழைய பொருளாக வாங்கவே கூடாதது கார் சீட். விபத்தில் பட்டதா என்று வெளியே தெரியாது.

வரிச் சலுகையை இந்த 14,000-க்குள் கழிக்க வேண்டாம். 2025 வரி ஆண்டில் குழந்தைக்கு 2,200 டாலர் வரை வரியில் கழியும் கிரெடிட் உண்டு. டிசம்பர் 31 இரவு பிறந்தாலும் முழு வருடத்துக்கும் கிடைக்கும். குழந்தைக்கும், பெற்றோரில் ஒருவருக்காவது, வேலைக்குத் தகுதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பணம் அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்ட பிறகுதான் கைக்கு வரும். முன்னதாக வேண்டுமென்றால், சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று நிறுவனத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில், வேலையில் இருக்கும் துணைவர் குழந்தையைச் சேர்த்து மாற்றிக் கொடுங்கள். அடுத்தடுத்த சம்பளங்களில் பிடித்தம் குறையும், தாயின் சம்பளம் நின்றிருக்கும் வாரங்களில் அது உதவும்.