ஒரே இணைப்பில் ஐந்து வகுப்புகள்: மஸ்கெலியாவில் நாங்கள் போட்ட கணக்கு

கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் கிடைப்பது தோட்டப் பாடசாலைகளில் எவ்வளவு கடினம் என்பதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்து சில ஆசிரியர்கள் சூம் வழியாக எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வந்தார்கள். ஐந்து வகுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மடிக்கணினியும் ஒரு கமராவும். எல்லாவற்றுக்கும் கூரையில் பொருத்திய ஒரே ஒரு 4ஜி ரவுட்டர்.

இரண்டு வகுப்புகள் நடக்கும்வரை எந்தச் சிக்கலும் இல்லை. ஐந்தும் ஒன்றாகத் தொடங்கியதும் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஆசிரியரின் முகமும் குரலும் எங்களுக்குத் தெளிவாக வந்துகொண்டிருந்தன. ஆனால் அவரோ, “பிள்ளைகள், நீங்கள் சொல்வது ஒன்றும் கேட்கவில்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதிபர் என்னிடம், “பெரிய தரவுப் பொதி ஒன்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா சேர்?” என்று கேட்டார். பணம் கட்டுவதற்கு முன் அளந்து பார்த்துவிடுவோம் என்றேன்.

வேகத்தை அளக்கும்போது நேரம் முக்கியம். பாடசாலை தொடங்குவதற்கு முன் அளந்தால் எண்கள் அழகாக இருக்கும். அவற்றை நம்பித் திட்டமிட முடியாது. வகுப்பு நடக்கும் பத்தரை மணிவாக்கில், வகுப்புகளை நிறுத்திவிட்டு அளந்தபோது பதிவிறக்கம் செக்கனுக்கு 9 மெகாபிட், பதிவேற்றம் வெறும் 2.2 மெகாபிட். விளம்பரங்கள் பெரிதாகக் காட்டுவது முதலாவது எண்ணை. எங்களுக்கு முட்டுக்கட்டையாக நின்றது இரண்டாவது. வகுப்பறைக் கமரா ஒவ்வொன்றும் சாதாரணத் தரத்தில் 0.6 முதல் 1 மெகாபிட் வரை மேலே அனுப்பும். ஐந்துக்கும் குறைந்தது 3 மெகாபிட் வேண்டும்; இருப்பதோ 2.2.

இதை உறுதிப்படுத்த ஒரு மடிக்கணினியில் `ping -t 8.8.8.8` என்ற கட்டளையை ஓடவிட்டேன். கமராக்கள் எல்லாம் மூடியிருந்தபோது பதில் 45 மில்லிசெக்கன் அளவில் வந்தது. ஐந்தையும் திறந்ததும் அதே எண் ஆயிரத்தைத் தாண்டியது. பதிவேற்றம் நிரம்பியதும் ரவுட்டர் தரவை வரிசையில் நிறுத்தி வைக்கிறது. பிள்ளையின் சிறிய குரல் பொட்டலமும் பெரிய வீடியோ பொட்டலங்களின் பின்னால் காத்துக் கிடக்கிறது. பெரிய பொதி மாதாந்தத் தரவளவைத்தான் கூட்டும். இந்த வரிசையைக் குறைக்காது.

பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட்டோம். 2.2 இல் சுமார் 85 வீதம், அதாவது 1.9 மெகாபிட்தான் எங்கள் கையிருப்பு என்று வைத்துக்கொண்டோம். குரலுக்கு வகுப்பொன்றுக்கு அதிகபட்சம் 0.08, ஐந்துக்கும் 0.4. எஞ்சிய 1.5 இல் தலா 0.6 எடுக்கும் இரண்டு கமராக்கள் அடங்கும், மூன்றாவதற்கு இடமில்லை. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு கமராக்கள் மட்டும், அவற்றிலும் எச்டி தெரிவு அணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. பிள்ளை போடும் வழிமுறையைக் கணித ஆசிரியர் பார்த்தே ஆக வேண்டும். வரலாற்றுக்குக் குரல் போதும். ஒரே பாடவேளையில் கணிதமும் விஞ்ஞானமும் இரண்டு வகுப்புகளுக்கு மேல் வராதபடி நேரசூசியை மாற்றியதுதான் உண்மையில் பெரிய வேலை. ஆசிரியர் அறையில் நடந்த வாதங்களை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ஆனால் யாராவது மறந்து மூன்றாவது கமராவைத் திறந்துவிடுவார்கள். அதற்காக ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளத்தை நிறுவிய பழைய ரவுட்டர் ஒன்றை 4ஜி ரவுட்டருக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவில் வைத்து, தரவு வரிசையைக் கட்டுப்படுத்தும் sqm-scripts என்ற மென்பொருளை நிறுவி, வரிசையை நாங்களே ஆளும்படி செய்தேன்:

```
uci set sqm.@queue[0].interface='wan'
uci set sqm.@queue[0].upload='1900'
uci set sqm.@queue[0].download='7500'
uci set sqm.@queue[0].qdisc='cake'
uci set sqm.@queue[0].script='piece_of_cake.qos'
uci set sqm.@queue[0].enabled='1'
uci commit sqm
/etc/init.d/sqm restart
```

எண்கள் கிலோபிட்டில், இடைமுகத்தின் பெயர் உங்கள் ரவுட்டரில் வேறாக இருக்கலாம். இப்போது மூன்றாவது கமரா திறந்தால் படங்கள் மங்குகின்றன, குரல் தப்பிக்கிறது. பிங் எண்ணும் நூற்றுக்குள் நிற்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. 4ஜி வேகம் நிலையானதல்ல. கோபுரத்தில் நெரிசல் கூடி பதிவேற்றம் 1.9 இற்குக் கீழே விழுந்தால் வரிசை மீண்டும் 4ஜி ரவுட்டருக்குள்ளேயே சேர்ந்துவிடும். அப்போது பிங் எண் ஏறுவதைப் பார்த்து, கமராக்களை மூடச் சொல்லி வகுப்புகளுக்கு ஆள் அனுப்புகிறோம்.

தரவளவுக்கும் கணக்கிருக்கிறது. வகுப்பொன்று இரு திசையிலும் சேர்த்துச் சராசரியாக 1 மெகாபிட் எடுத்தால், 40 நிமிடப் பாடவேளைக்கு 300 மெகாபைட். ஐந்து வகுப்புகள், நாளைக்கு நான்கு பாடவேளைகள், மாதத்தில் இருபது பாடசாலை நாட்கள் என்றால் 120 கிகாபைட். பொதி வாங்கும்போது பகல் நேர அளவை மட்டும் பாருங்கள். இரவு நேரத்துக்கென்று தரும் கிகாபைட்டுகளால் காலை வகுப்புகளுக்கு ஒரு பயனும் இல்லை.