மீன் வாங்கி வருபவர்களுக்கு ஓர் அலமாரி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நடத்தும் சூப்பர் மார்க்கெட் சின்னது. நடுவில் இரண்டு வரிசை ரேக், சுவரோரம் கொஞ்சம், கடைசியில் பால் ஃப்ரிட்ஜ். ஆட்கள் வருவதில் குறை இல்லை. ஒருவர் வாங்கிப் போகும் அளவுதான் கம்மி.

எங்கே கை வைப்பது என்று பார்க்க, பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து சில மாத பில்களை எக்செல்லில் எடுத்து, ஒன்றிரண்டு பொருள் மட்டும் உள்ளவற்றைத் தனியாகப் பிரித்தேன். கிழமை, நேரம் வாரியாக அடுக்கியதும் ஞாயிறு காலை கண்ணில் பட்டது. ஒரு பாக்கெட் குழம்பு மிளகாய்த்தூள், அல்லது நூறு கிராம் புளி, அவ்வளவுதான். எல்லாம் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். கையில் மீன் பை இருக்கும்போது யாரும் கடையைச் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தக் குழம்புக்கு வேண்டிய புளி பருப்பு வரிசையில், நல்லெண்ணெய் எதிர்ச்சுவரில், சின்ன வெங்காயம் வாசல் கூடையில் என்று சிதறிக் கிடந்தது.

அதனால் பொருளின் வகையை விட்டுவிட்டு, சமையலை வைத்து ஒரு ரேக் அமைத்தோம். இடம், நடு வரிசையின் முனை. பால் ஃப்ரிட்ஜிலிருந்து பில் போட வரும் வழியில் நேராக எதிரே தெரியும். வாசலை ஒட்டி வைக்கவில்லை. உள்ளே நுழைந்த முதல் நாலைந்து அடியில் யாரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணுக்கும் இடுப்புக்கும் நடுவில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளி. அதற்குக் கீழே நல்லெண்ணெய், சின்ன பாட்டில் மட்டும். அடித்தட்டில் கல் உப்பும் மஞ்சள்தூளும், மீன் கழுவ எப்படியும் வேண்டும். பக்கவாட்டில் பூண்டும் சின்ன வெங்காயமும் கால் கிலோ வலைப் பைகளில். வெந்தயம் சின்னப் பாக்கெட்டாகக் கிளிப்பில் தொங்கியது. ஒரு நேரச் சமையலுக்கு வருபவரிடம் அரைக் கிலோ பாக்கெட்டைக் காட்டினால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நகர்ந்துவிடுவார்.

எந்தப் பொருளைச் சேர்ப்பது என்பதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது. ரெடிமேட் மீன் குழம்பு மசாலாவையும் மிளகாய்த்தூள் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ரேக் நிறைவாகத் தெரிந்தது, பில் ஏறவில்லை. மசாலா எடுத்தவர் மிளகாய்த்தூளை எடுக்கவில்லை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று, அவ்வளவே. மீன் பொரிக்கும் தூள் அப்படி இல்லை. குழம்புக்கு எடுப்பவர் வறுவலுக்கும் எடுத்தார். அதிலிருந்து ஒரு பொருளை ரேக்கில் ஏற்றும் முன், இது பக்கத்திலிருப்பதோடு சேர்ந்து போகுமா, அதன் இடத்தைப் பிடிக்குமா என்று கேட்டுக்கொள்கிறோம்.

பழைய இடத்திலும் இவை எல்லாம் இருந்தே ஆக வேண்டும். மாத மளிகை வாங்கும் அக்கா ஒருவர், “தம்பி, புளிய எங்க மாத்திட்டீங்க?” என்று கேட்ட அன்றே அது புரிந்தது. இரண்டு இடத்தில் வைத்தால் வேறொரு தொல்லை வரும். கம்ப்யூட்டரில் இருப்பு காட்டும், முனை ரேக் காலியாக நிற்கும். அதற்கு சாஃப்ட்வேரில் வழியில்லை. சனி இரவு கடை சாத்தும் முன் ஒரே ஆள் அந்த ரேக்கை நிரப்பிவிட வேண்டும், அந்த வேலை வேறு யாருக்கும் மாறக் கூடாது.

பலன் பார்க்கும்போது சராசரியை மட்டும் நம்பக் கூடாது. ஒரு ஞாயிறு காலை 60 பில்லுக்கு 9,000 ரூபாய் என்றால் சராசரி 150. அதில் 4,000 ரூபாய் மாத மளிகை ஒன்று இருந்தால், மீதி 59 பில்லின் சராசரி 85தான். அதனால் பெரிய பில்களை ஒதுக்கிவிட்டு, ஒன்றிரண்டு பொருளோடு போகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று பார்க்கிறேன். மாத முதல் ஞாயிறை முதல் ஞாயிறோடுதான் ஒப்பிட வேண்டும், சம்பளம் வந்த வாரம் வேறு கணக்கு. எங்கள் கடையில் அந்தப் பங்கு நன்றாகவே குறைந்தது. அதிகம் கூடியது பூண்டும் நல்லெண்ணெயும். இதில் பூண்டு விற்றதில்தான் எனக்கு அதிக மகிழ்ச்சி, எண்ணெயில் பில் தொகை ஏறுகிற அளவுக்கு லாபம் நிற்பதில்லை.

இந்த ரேக் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி ஓடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன் வரத்து குறைந்து விலை ஏறும், வறுவல் தூள் நகராது. அப்போது அந்த ஒரு தட்டை மட்டும் எடுத்துவிட்டு நெத்திலிக் கருவாடும் மொச்சையும் வைக்கிறோம். புளி, பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாம் கருவாட்டுக் குழம்புக்கும் அப்படியே பொருந்தும். கருவாடு நன்றாக ஒட்டிய கெட்டி பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும்; டீத்தூளும் அரிசியும் வாசனையை இழுத்துக்கொள்ளும், ஆகவே அவை இரண்டும் அந்த முனைக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்கிறோம். புரட்டாசியில் அசைவம் விடும் வீடுகள் இங்கே நிறைய. அந்த மாதம் வறுவல் தூள் போய், சுண்டலுக்கான கடலை, பட்டாணி, காராமணி அந்தத் தட்டுக்கு வருகிறது.