யூரியா 38: நிமோனியா ஷார்ட் கேஸில் நான் திருத்திக்கொண்ட கணக்கு

இறுதியாண்டு மெடிசின் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஊட்டியில் எங்கள் வார்டில் ஓர் அம்மா வந்து சேர்ந்தார். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், 58 வயது. ஐந்து நாளாகக் குளிர் காய்ச்சல், துரு நிறத்தில் சளி, மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தல். வலது கீழ்ப்பகுதியில் தட்டிப் பார்த்தால் மந்த ஒலி. "ஒன்று, இரண்டு" சொல்லச் சொல்லிக் கையை வைத்தால் அதிர்வு கூடுதலாக இருந்தது. பிராங்கியல் மூச்சொலியும் கேட்டது. மந்த ஒலியோடு அதிர்வு குறைந்திருந்தால் நீர் கோத்திருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். கூடியிருந்ததால் நுரையீரல் கெட்டிப்பட்ட கன்சாலிடேஷன்தான் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ரவுண்ட்ஸில் சார் முதலில் கேட்டது, "என்ன வகை நிமோனியா?"

"லோபார் நிமோனியா சார்."

"அது படத்தைப் பார்த்துச் சொல்லும் வகை. மருந்தை எதை வைத்து எழுதுவாய்?"

அப்போதுதான் உறைத்தது. எந்தக் கிருமி என்று முதல் நாளில் தெரியாது. நோய் எங்கே தொற்றியது, எவ்வளவு கடுமை என்ற இரண்டை வைத்துத்தான் மருந்தைத் தொடங்குகிறோம். மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வந்திருந்தால் கிருமிகளே வேறு மாதிரி இருக்கும். இந்த அம்மா வீட்டிலிருந்தே காய்ச்சலோடு வந்தவர், அதனால் சமூகத்தில் தொற்றிய நிமோனியா.

அடுத்து நிமோனியாவின் கடுமையை மதிப்பெண் போட்டு அளக்கும் கர்ப்-65. புதிதாக மனக்குழப்பம், யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, ரத்த அழுத்தம், 65 வயது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். அம்மா தெளிவாகப் பேசினார். மூச்சு 32, அழுத்தம் 100/58, யூரியா 38. மூச்சுக்கு ஒன்று, யூரியாவுக்கு ஒன்று, ஆக மொத்தம் இரண்டு என்றேன்.

"விடை சரி, வழி தப்பு" என்றார் சார்.

நான் வைத்துக்கொண்ட, புத்தகத்தில் இருந்த 20 என்ற எல்லை, யூரியாவில் உள்ள நைட்ரஜனை மட்டும் அளக்கும் பியூஎன்னுக்கு உரியது. நம் ஆய்வகத் தாளில் பெரும்பாலும் வருவது ரத்த யூரியா. அதை 2.14ஆல் வகுத்தால்தான் பியூஎன் கிடைக்கும். 38 என்பது சுமார் 18, அதற்கு மதிப்பெண் இல்லை. ரத்த யூரியாவாகவே பார்த்தால் எல்லை ஏறத்தாழ 42. நான் விட்டது கீழ் அழுத்தம். மேல் அழுத்தம் 90க்குக் கீழே போகாவிட்டாலும், கீழ் அழுத்தம் 60 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் ஒரு மதிப்பெண் உண்டு. யூரியா 38ஆகவும் கீழ் அழுத்தம் 70ஆகவும் இருந்திருந்தால், ஒன்று வாங்க வேண்டியவருக்கு நான் இரண்டு போட்டிருப்பேன்.

இரண்டு என்றால் வார்டில் சேர்க்க வேண்டும், மூன்றும் அதற்கு மேலும் கடுமையானது. இந்தக் கணக்கில் ஆக்ஸிஜன் இல்லவே இல்லை. அம்மாவுக்கு 88 சதவீதம். "ஊட்டி உயரம்தானே?" என்று சார் சீண்டினார். 2,240 மீட்டரில் ஆரோக்கியமானவருக்கும் சமவெளியை விடக் கொஞ்சம் குறைவாக இருக்கும்தான், ஆனால் 88ஐ உயரத்தின் மேல் போட முடியாது.

மருந்துக்கு லெவோஃப்ளாக்ஸாசின் என்றேன், ஒரே மருந்தில் முடியும் என்ற எண்ணத்தில். அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கிவிடும். நோயாளி சில நாள் தேறியது போலத் தெரிவார், சளியில் கிருமி சிக்காது, டிபி கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். நம் ஊரில் அதை முதல் மருந்தாக எடுக்கத் தயங்குவது இதனால்தான். அம்மாவுக்கு செஃப்ட்ரியாக்ஸோன் தினம் 2 கிராம், கூடவே அஸித்ரோமைசின் 500 மில்லிகிராம் தொடங்கினார்கள். அதற்கு முன்பே சளியும் ரத்தக் கல்ச்சரும் எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

அன்று பிஜி அக்கா ஒன்று சொன்னார்: "தோட்ட வேலை செய்பவர் என்றால் அக்குள், மார்புக்கு அடி, தொடை இடுக்கு பார்க்காமல் கேஸை முடிக்காதே." புதர்களில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில், கடித்த இடத்தில் வரும் கருத்த பொருக்கு வலிக்காது, அதனால் நோயாளி தானாகச் சொல்லவே மாட்டார்.

தேர்வில் எனக்கு வந்தவர் 34 வயது ஆண், எஸ்டேட்டில் செடி கவாத்து செய்பவர். எட்டு நாள் காய்ச்சல், நுரையீரலில் இரண்டு பக்கமும் கிரெப்ஸ் என்னும் நொறுங்கல் ஒலி, மூச்சு 28, அழுத்தம் 110/70, ரத்த யூரியா 36, ஆக்ஸிஜன் 86. "ஸ்கோர் பூஜ்யம் சார், ஆனாலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றேன். தேர்வாளர் காரணம் கேட்டார், ஆக்ஸிஜனையும் இரண்டு பக்கம் பரவியிருப்பதையும் சொன்னேன். "வேறு எங்கே பார்த்தாய்?" என்றார். இடது அக்குளில் சிகரெட் சுட்ட வடு போல ஒரு பொருக்கு இருந்ததைச் சொல்லி, செஃப்ட்ரியாக்ஸோனோடு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரு வேளை சேர்ப்பேன் என்றேன். தாளை மூடி வைத்துவிட்டு, அந்தப் பொருக்கைத் தானும் பார்க்க எழுந்து வந்தார்.