பதிவு செய்தேன், ஆனால் சமர்ப்பிக்கவில்லை

புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள் கொஞ்சம் இருக்கின்றன. தூசி தட்டி அடுக்குவது என் வேலை. எனக்கு பிரெஞ்சு தெரியாது. முகப்பில் இருக்கும் ஆண்டையும் ஊரையும் படித்துக்கொள்வேன், அவ்வளவுதான். பழைய நூல்களைப் பராமரிப்பது பற்றி பிரான்ஸில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு வார இணைய வகுப்பு நடத்துவதாகவும் கட்டணம் இல்லை என்றும் மேலதிகாரி சொன்னபோது, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். தளம் முழுக்க பிரெஞ்சு என்பது வீட்டுக்குப் போய்த் திறந்தபோதுதான் தெரிந்தது.

சேர்வது பெரிய பாடாக இல்லை. `S'inscrire` என்றால் சேர்வது, `Se connecter` என்றால் ஏற்கெனவே கணக்கு இருப்பவர்கள் உள்ளே போவது. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஸ்பேமில் கிடந்தது. ஆனால் பெயர்ப் படிவத்தில் அப்போதே ஒரு தப்பு செய்தேன். அது கடைசியில்தான் தெரிந்தது.

தளம் மூடில் என்ற மென்பொருளில் ஓடியது. நம் ஊர்க் கல்லூரிகள் பலவும் அதைப் பயன்படுத்துகின்றன. அதில் மொழியை மாற்ற வழி உண்டு. முகவரியின் கடைசியில் `?lang=en` என்று சேர்த்தால் (அங்கே ஏற்கெனவே ஒரு கேள்விக்குறி இருந்தால் `&lang=en`) பொத்தான்களும் பட்டியல்களும் ஆங்கிலத்துக்கு மாறும். தளத்தை நடத்துபவர்கள் ஆங்கில மொழித்தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும், வகுப்புக்கு ஒரே மொழி என்று பூட்டியும் வைத்திருக்கக் கூடாது. எங்கள் வகுப்பு பூட்டப்பட்டிருந்தது. அது மாறினாலும் பாடம் பிரெஞ்சிலேயேதான் இருக்கும். பொத்தானின் மொழி வேறு, பாடத்தின் மொழி வேறு. சரி என்று, உலாவியிலேயே பக்கத்தைத் தமிழாக்கும் வசதியைப் போட்டுக்கொண்டேன்.

வீடியோக்கள் யூடியூபிலிருந்து பதிக்கப்பட்டவை. பல்சக்கரத்தைத் தட்டி, வசனவரியைத் தேர்ந்தெடுத்து, தானியங்கி மொழிபெயர்ப்பில் தமிழைப் போட்டதும் வரிகள் ஓடின. முதல் வீடியோவில் ஆசிரியை ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டினார். கீழே தமிழில் ‘உணவு’ என்று வந்தது, அப்புறம் ‘நரம்புகள்’, அப்புறம் ‘வேட்டை’, கடைசியில் ‘மழைநீர்க் குழாய்’. ஒரு நிமிடம் வேறு வீடியோவைத் திறந்துவிட்டேனோ என்று பார்த்தேன்.

மறுநாள் எங்கள் அலுவலகத்து அக்காவிடம் காட்டினேன். அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “தம்பி, தமிழை எடுத்துட்டு பிரெஞ்சு வரியைப் போடுங்க” என்றார். போட்டதும் சொற்கள் பிடிபட்டன. `plat` என்றால் சாப்பாட்டுத் தட்டு, பதார்த்தம்; பைண்டிங்கில் அதுவே புத்தகத்தின் அட்டைப் பலகை. `nerfs` நரம்புதான், ஆனால் இங்கே முதுகின் குறுக்கே தோலுக்கடியில் புடைத்துத் தெரியும் வரிகள். தாள்களைச் சேர்த்துத் தைக்கிற தடித்த கயிறு உள்ளே இருப்பதால் அந்தப் புடைப்பு. `chasse` வேட்டையேதான், பைண்டருக்கோ தாளைவிட அட்டை சற்று வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் ஓரம். `gouttière` கூரைத் தண்ணீர் ஓடும் குழாய். புத்தகத்தின் முன்விளிம்பு உட்குழிந்து வாய்க்கால் மாதிரி இருக்கிறதே, அதுக்கும் அதே பெயர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு முறை பார்த்தேன். முதலில் தமிழ் வரியோடு, என்ன பேசுகிறார் என்ற பொது ஓட்டத்துக்காக. பிறகு பிரெஞ்சு வரியோடு. ஆசிரியை விரலால் தொடுகிற இடத்தில் நிறுத்தி, அந்தச் சொல்லை நோட்டில் எழுதிப் பக்கத்திலேயே சின்னப் படம் வரைந்தேன். ஆறு வாரத்தில் நாற்பது சொல் சேர்ந்தது. இவ்வளவுதானா தேவை என்று இப்போது தோன்றுகிறது.

ஒப்படைப்பு ஒன்றே ஒன்று. ஒரு பழைய நூலை எடுத்து, அதன் நிலையை ஒரு மருத்துவர் நோயாளியை எழுதுவதுபோல எழுத வேண்டும். கறை எங்கே, பூச்சி அரித்த துளை எத்தனை, தையல் எங்கே விட்டிருக்கிறது, எல்லாம் அளவுகோல் வைத்து எடுத்த படங்களோடு, ஒரே பிடிஎஃபாக. ஆங்கிலத்தில் எழுதலாம் என்று அனுமதித்திருந்தார்கள். என் கோப்பு 24 எம்பி. பக்கத்தில் அதிகபட்சம் `10 Mo` என்று இருந்தது. `Mo` என்பதை ஏதோ மாதக் கணக்கு என்றே நினைத்திருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் பைட்டை ஆக்டே என்கிறார்கள், அதனால் எம்பி அவர்களுக்கு `Mo`. ஆறு படங்களையும் 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்ததும் 3 எம்பிக்குள் அடங்கியது. துளைகள் அப்போதும் தெளிவாகவே தெரிந்தன.

கெடு, ஞாயிறு இரவு 23:59, பாரிஸ் நேரம். அது அக்டோபர் கடைசி ஞாயிறைத் தாண்டிய வாரம். அன்றோடு அங்கே கோடைக்காலக் கடிகாரம் முடிந்துவிடும், நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி மூன்றரை மணி நேரத்திலிருந்து நாலரை ஆகும். அதாவது நமக்குத் திங்கள் அதிகாலை 4:29 வரை இருந்தது. இதையெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு நான் சனிக்கிழமையே ஏற்றிவிட்டேன். தமிழாக்கிய பக்கத்தில் ‘பதிவு செய்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். கோப்பின் பெயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை அக்கா தற்செயலாக என் திரையைப் பார்த்து, “இன்னும் குடுக்கலையா நீங்க?” என்றார். குடுத்துட்டேனே அக்கா என்றேன். மொழிபெயர்ப்பை அணைக்கச் சொன்னார். நிலை என்ற வரியில் `Brouillon (non remis)` என்று இருந்தது. வரைவு, ஒப்படைக்கப்படவில்லை. நான் அழுத்தியது `Enregistrer`, அதாவது சேமி. அதற்கடுத்து, அதே பக்கத்தில் கீழே, `Envoyer le devoir` என்று இன்னொரு பொத்தான் காத்துக்கொண்டிருந்தது.

தப்பு பாதி மூடிலின் அமைப்பு, பாதி நம் மொழியின் தாராளம். சில ஒப்படைப்புகளில் கோப்பை ஏற்றினாலே போதும். சிலவற்றில் ஆசிரியர், மாணவர் தனியாக ஒருமுறை ‘அனுப்பு’ என்று அழுத்தியே ஆக வேண்டும் என்று அமைத்திருப்பார். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். நமக்கோ கணக்கு தொடங்கினாலும் பதிவு, வகுப்பில் சேர்ந்தாலும் பதிவு, கோப்பைச் சேமித்தாலும் பதிவு, பத்திரமும் பதிவு! எது முடிந்தது, எது பாக்கி என்பதை அந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

நல்ல வேளையாக, கெடு முடிந்து ஒரு வாரம் வரை தாமதமாக ஏற்றுக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். அனுப்பியதும் நிலை `Remis pour évaluation` என்று பச்சையில் மாறியது. அதைப் படம்பிடித்து வைத்துக்கொண்டேன். தாமதம் என்ற குறிப்பு மட்டும் சிவப்பில் நின்றது.

சான்றிதழ் இணைப்பு கடைசிவரை சாம்பல் நிறத்தில் இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு வாசிப்புப் பக்கத்தில் `Marquer comme terminé` என்பதை அழுத்தாமல் விட்டிருந்தேன்; அதைத் தட்டியதும் திறந்தது. திறந்தால் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் பெரிய எழுத்தில், அவர்தான் படித்ததுபோல. `Prénom` என்பது நம் பெயர், `Nom` என்பது குடும்பப் பெயர். அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாததால் அப்பா பெயரை முழுசாகக் கொடுத்திருந்தேன். பணிப் பதிவேட்டிலோ எனக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும். சுயவிவரத்தில் `Prénom` கட்டத்தில் இனிஷியலையும் `Nom` கட்டத்தில் என் பெயரையும் மாற்றிப்போட்டு மறுபடி இறக்கினேன். பதிவேட்டில் இருப்பதுபோலவே வந்தது.

அலுவலகத்தில் எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே `Attestation de suivi` என்று இருக்கிறதே, சர்டிபிகேட் என்று இல்லையே என்றார். வகுப்பை முழுசாகப் பின்தொடர்ந்ததற்கான சான்று, தேர்வு எழுதி வாங்கும் பட்டயம் இல்லை என்று அக்காதான் விளக்கினார். எழுத்தர் சரி என்று என் கோப்பில் ‘இதர ஆவணங்கள்’ பகுதியில் குத்தி வைத்துவிட்டு, நாளைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பும் கொண்டுவரச் சொன்னார்.